பேங்க் லீவு அன்று டியூ வந்தால்: கேள்வி பதில்

கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் எழுதியபடியே மேலே கொடுத்து, தெரிந்த பதிலைக் கீழே சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி: "சார், வேன் கடனுக்கு டியூ மாதம் 2-ஆம் தேதி, 8,640 ரூபாய். ஆயுத பூஜைக்கு நல்ல விற்பனை, பணம் கையில்தான் இருந்தது. 1, 2 இரண்டு நாளும் பேங்க் லீவு. 3-ஆம் தேதி காலையிலேயே போய்க் கணக்கில் போட்டேன். ஒரு நாளுக்கு 891 ரூபாய் போய்விட்டது. இது நியாயமா?"

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மெண்ட்டையும் பாஸ்புக் பக்கத்தையும் பார்த்தேன். அந்த 891 ஒரே தொகை இல்லை. ஃபைனான்ஸ் கம்பெனி 'பவுன்ஸ்' என்று 500 எடுத்திருக்கிறது, அதற்கு ஜிஎஸ்டி 90. உங்கள் பேங்க் 'ரிட்டர்ன்' என்று 250 எடுத்திருக்கிறது, அதற்கு ஜிஎஸ்டி 45. மிச்சம் 6 ரூபாய்தான் தாமதத்துக்கான அபராதம். வருஷத்துக்கு 24 சதவீதம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 8,640-க்கு ஒரு நாள் கணக்கு ஐந்தே முக்கால் ரூபாய்கூட வராது.

ஆக, உங்களைக் கடித்தது தாமதம் இல்லை, பணம் எடுக்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதுதான். டியூவை உங்கள் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளலாம் என்று கடன் வாங்கும்போது மேண்டேட் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா, அது நாச் என்ற வழியில் ஓடுகிறது. முன்பு அது பேங்க் வேலை நாளில் மட்டும் ஓடும். 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, பண்டிகை எல்லா நாளும் ஓடுகிறது. கிளையில் ஷட்டர் இறங்கியிருக்கும், உள்ளே கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 2-ஆம் தேதி காலையில் உங்கள் கணக்கைத் தட்டியிருக்கிறார்கள். அப்போது அதில் 1,112 ரூபாய். திருப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 3-ஆம் தேதி நீங்கள் போட்ட பணம் உங்கள் கணக்கில்தான் கிடந்தது, கடனுக்குப் போகவில்லை. மதியம் கம்பெனிப் பையன் போன் செய்து, லிங்க் அனுப்பி, நீங்கள் கட்டியதால்தான் ஒரு நாளோடு நின்றது. போன் வராமல் இருந்திருந்தால், 'கட்டியாச்சு' என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்திருப்பீர்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சில கம்பெனிகள் அதே மாதத்துக்கு இரண்டாம் முறையும் கணக்கைத் தட்டும்.

அடுத்த பண்டிகைக்குக் கையில் ரொக்கம் இருந்தால் கிளை திறக்கக் காத்திருக்க வேண்டாம். பணம் போடும் மெஷின் லீவிலும் வேலை செய்யும். ஆனால் பண்டிகைச் சமயத்தில் மெஷின் நிரம்பி 'சேவை இல்லை' என்று நிற்பதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் டியூ நாளுக்கு முந்தின நாளே போட்டுவிடுவதுதான் சரி.

ஒத்தக்கடை, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா: "கெடு நாள் விடுமுறையில் விழுந்தால் தானாக அடுத்த வேலை நாளுக்குப் போய்விடும் என்பது சட்டம். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அபராதம் போட்டதே தவறு."

ஐயா, நீங்கள் சொல்வது பாதி சரி. கோர்ட்டில் மனுப் போடுவதற்கு அப்படித்தான். கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளில் போடலாம். ஆனால் புரோநோட்டு, உண்டியல் மாதிரிப் பத்திரங்களுக்கு 1881-ஆம் வருஷச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு நேர் எதிராகச் சொல்கிறது: கெடு லீவில் விழுந்தால் முந்தின வேலை நாளே கெடு.

மாதத் தவணைக் கடன் இந்த இரண்டிலும் சேராது. அதற்கு ஒப்பந்தம்தான் சட்டம். நான் பார்த்த ஒப்பந்தங்களில் சிலவற்றில் 'அடுத்த வேலை நாள்' என்று இருக்கும், சிலவற்றில் 'முந்தின வேலை நாள்', பலவற்றில் லீவைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. வார்த்தை இல்லை என்றால் தேதி தேதிதான். பூக்காரருடைய ஒப்பந்தம் அந்த மூன்றாவது வகை.

மேலூர் ஆசிரியை: "ஒரு வருஷம் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார். பேங்க்கும் லீவு என்று நினைத்து டியூ செக்கை மறுநாள் கொடுத்தேன். அன்று பேங்க் இருந்தது என்கிறார்கள்."

இருந்திருக்கும், டீச்சர். கலெக்டர் உத்தரவைக் கடைசி வரை வாசித்துப் பாருங்கள். 'இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது' என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அந்தச் சட்டம் மேலே சொன்ன அதே 1881 சட்டம்தான். அதன் கீழ் அறிவித்த நாள்தான் பேங்க்குக்கு லீவு. பள்ளிக்கூடம் மூடியிருக்கும், கோரிப்பாளையத்தில் கால் வைக்க இடம் இருக்காது, ஆனாலும் கிளை திறந்திருக்கும். மறுபக்கம், இரண்டாம், நான்காம் சனிக்கிழமை உங்களுக்குப் பள்ளி இருந்தாலும் பேங்க் கிடையாது.

அவனியாபுரம், ஐடி ஊழியர்: "டியூ ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி 11.50-க்கு யுபிஐயில் கட்டினேன். திங்கள் தேதியில் வரவு வைத்து ஒரு நாள் லேட் என்கிறார்கள்."

கடன் கணக்கை ஒவ்வொரு நாளும் 'டே எண்ட்' என்று ஒரு ஓட்டம் ஓட்டி மூடுவார்கள். அது ஓடும்போது பணம் வந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் டியூ பாக்கியா இல்லையா என்று முடிவாகும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி கொடுத்த விளக்கமும் இதுதான். லீவுக்கென்று அதில் சலுகை இல்லை. உங்கள் போனில் பணம் கழிந்த நேரம் 11.50, அவர்கள் கணக்கில் ஏறிய நேரம் வேறு. பரிவர்த்தனை எண்ணோடு எழுதிக் கேளுங்கள். அந்தக் கம்பெனியின் செயலியிலேயே கட்டியிருந்தால் உங்கள் பக்கம் வாதம் வலுவாக இருக்கும். திருப்பித் தருவார்களா என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

உசிலம்பட்டி: "அண்ணே, எனக்கு நகைக்கடன். வருஷக் கெடு ஞாயிறில் வருது. நகையை ஏலம் விட்டுருவாங்களா?"

தம்பி, ஒரு நாளில் ஏலம் கிடையாது, அதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். உங்களுடையது மாதத் தவணையும் இல்லை, பவுன்ஸும் இல்லை. வெள்ளிக்கிழமையே போய்த் திருப்புங்கள் அல்லது புதுப்பியுங்கள். இரண்டு நாள் வட்டியும் மிச்சம்.

மறுபடியும் பூ வியாபாரி: "சரி சார், 891-இல் எது திரும்பக் கிடைக்கும்?"

6 ரூபாயை விடுங்கள். பவுன்ஸ் 500-ஐத்தான் கேட்க வேண்டும். கடன் கொடுத்தபோது தந்த முக்கிய விவரத் தாளில் அந்தத் தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாததைப் பிடித்திருந்தால் கட்டாயம் கேட்கலாம். அபராதத் தொகையை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்களா என்றும் அடுத்த மாத ஸ்டேட்மெண்ட்டில் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் புதுக் கடன்களுக்கு அது கூடாது; பழைய கடன்களையும் அந்த ஜூன் மாதத்துக்குள் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்துத் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் போடலாம், கட்டணம் இல்லை. அதே கடிதத்தில் டியூ தேதியை மாற்றித் தரச் சொல்லியும் கேளுங்கள். முகூர்த்தப் பணம் உங்களுக்கு எந்த வாரத்தில் வந்து சேரும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதைப் பார்த்துத் தேதியைச் சொல்லுங்கள். முக்கிய விவரத் தாள் கிடைத்ததும் பவுன்ஸ் தொகை உள்ள பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.