‘நல்ல பொண்ணு, அடக்கமானவள்’: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். என் மாணவி அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கச் சிபாரிசுக் கடிதம் கேட்கிறாள். தமிழில் குறித்து வைத்திருக்கிறேன்: “நல்ல பொண்ணு. அடக்கமானவள். சொன்னால் உடனே செய்வாள். ஒருநாள் டைட்ரேஷனில் சோடியம் ஹைட்ராக்சைடு பழசு என்று அவளே கண்டுபிடித்தாள். வீட்டில் கஷ்டம்.” இதை ஆங்கிலமாக்கினால் போதுமா? “நானே எழுதி வருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் சார்” என்கிறாள்.

பதில்: நீங்கள் நான்காவதாகப் போகிறபோக்கில் எழுதிய வரிதான் கடிதமே. மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம்.

‘அடக்கமானவள்’ நம் ஊரில் பெரிய பாராட்டு. அதை ‘ஒபீடியன்ட்’ என்று எழுதினால், ஆராய்ச்சி மாணவரைத் தேடுகிறவருக்கு ‘சுயமாக யோசிக்க மாட்டாள்’ என்று கேட்கும். ‘செய்வாள்’ இன்னொரு பொறி. தமிழில் அது வழக்கத்தைச் சொல்கிறது. ‘ஷீ வில் டூ’ என்று போட்டால் இனிமேல்தான் செய்யப்போகிறாள் என்றாகிவிடும். செய்ததை இறந்த காலத்திலும், எப்போதும் செய்வதை நிகழ்காலத்திலும் எழுதுங்கள்.

சரி, அந்த ஆய்வக நாளுக்கு வருவோம். எந்த செமஸ்டர், என்ன சோதனை? பியூரெட்டில் வழக்கத்தைவிட எவ்வளவு அதிகம் இறங்கியது? மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்து மேசை ரீடிங்கைப் பார்த்து எழுதுகிற பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. அவள் தன் ரீடிங்கைத் திருத்தாமல் கரைசலைச் சந்தேகப்பட்டாள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அது வலு குறைந்திருக்கும் என்று எப்படி ஊகித்தாள்? ஆக்ஸாலிக் அமிலத்தை வைத்து மறுபடி செறிவைச் சரிபார்த்தாளா? நினைவிருப்பதை மட்டும் ஐந்தாறு வாக்கியங்களில், நடந்த வரிசையில் சொல்லுங்கள். புத்திசாலி, நேர்மையானவள் என்ற சொற்களே தேவைப்படாது. அதன் கீழே, இத்தனை வருடத்தில் இத்தனை பேருக்குப் பாடம் எடுத்தேன், அவர்களில் இவள் எந்த இடம் என்று ஒரு வரி. பல விண்ணப்பப் படிவங்கள் இதைத் தனிக் கட்டமாகவே கேட்கும். முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று. கடிதமும் கட்டமும் முரண்படக் கூடாது.

வீட்டுக் கஷ்டத்தை அவள் சம்மதமில்லாமல் எழுதாதீர்கள். அதைத் தன் விண்ணப்பக் கட்டுரையில் அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

அவளே எழுதிவருவது வேண்டாம். அவள் கட்டுரையும் உங்கள் கடிதமும் ஒரே குரலில் பேசும். மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் விவரம், கடைசித் தேதி, இவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க விண்ணப்பங்களில் ‘கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று மாணவர் டிக் செய்யும் இடமும் உண்டு. டிக் செய்தவளே எழுதினால் அது பொய்.

அப்புறம், பதிவேற்றும் லிங்க் உங்கள் மெயிலுக்கு வரும். ஜிமெயில் முகவரி வேண்டாம், கல்லூரி முகவரியைக் கொடுங்கள். இரண்டு நாளில் வரவில்லையென்றால் ஸ்பாமில் தேடுங்கள்.