இரண்டு நாளில் தீரும் ‘சைனஸ்’ தலைவலி

“ஆறு மாதத்தில் நான்காவது முறையாக சைனஸ். நெற்றியும் கன்னமும் துடிக்கின்றன, மூக்கில் தண்ணீராக வடிகிறது, குமட்டுகிறது. ஆன்டிபயாடிக் போட்டால் இரண்டே நாளில் சரியாகிறது. மறுபடி வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் மைக்ரேன். அது 4 முதல் 72 மணி நேரத்தில் தானாகவே அடங்குவதால், இடையில் விழுங்கிய மாத்திரைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. முகத்துக்கு உணர்வு தரும் முக்கிளை நரம்பு தூண்டப்படும்போது மூக்கிலும் கண்ணிலும் தெளிந்த நீர் வடியும். அதுவே பலரைத் தவறாக எண்ணவைக்கிறது.

அடுத்த முறை வலி வரும்போது இவற்றைக் குறித்துவையுங்கள்: வெளிச்சம் கூசுகிறதா, படியேறினால் வலி கூடுகிறதா, மூக்கிலிருந்து வருவது நீரா, கெட்டியான சீழா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றால் மைக்ரேனுக்கான சிகிச்சையை மருத்துவரிடம் கேளுங்கள்.

உண்மையான பாக்டீரியா சைனஸ் தொற்றில் சீழ்ச்சளியோடு மூக்கடைப்போ முகவலியோ இருக்கும். அது 10 நாளாகியும் குறையாமலிருக்கும், அல்லது சளி தேறிவந்து ஐந்தாறு நாளில் மீண்டும் மோசமாகும், அல்லது தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சலோடு மூன்று நான்கு நாள் நீடிக்கும். சளியின் மஞ்சள், பச்சை நிறம் மட்டும் சான்றாகாது. சாதாரண வைரஸ் சளியிலும் நிறம் மாறும். பத்து நாள் கடந்த மிதமான தொற்றில்கூட, மறுபரிசோதனைக்கு வர முடிந்தவர்களை மருத்துவர்கள் சில நாள் மருந்தின்றிக் கவனிப்பதுண்டு. தேவைப்பட்டால் வழக்கமாக அமாக்சிசிலின் தருவார்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, கழுத்து விறைப்பு, திடீரெனத் தாக்கும் கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.