தமிழ்ச் சொற்பிழை திருத்தி: கேட்டவையும் சொன்னவையும்

கோவை மாணவர்: அக்கா, ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தமிழ் ஸ்பெல் செக்கர் எடுத்திருக்கோம். ஒரு லட்சம் சொல் உள்ள பட்டியல் கையில இருக்கு. போதுமா?

போதாது தம்பி. பட்டியலில் ‘மரம்’ இருக்கும், ‘மரத்திலிருந்துதானே’ இருக்காது. மரம், அத்து, இல், இருந்து, தான், ஏ என்று ஆறு துண்டு ஒட்டிய சொல் அது. யாரும் அதைத் தனியாகப் பட்டியலில் எழுதி வைக்கமாட்டார்கள். பயனர் எழுதினால் சிவப்புக் கோடு விழும். பத்து சரியான சொல்லுக்குக் கீழே கோடு விழுந்தால் பதினோராவதாக வரும் உண்மையான பிழையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

அதனால் வேர்ச்சொல்லையும் விகுதியையும் பிரித்து வையுங்கள். ஹன்ஸ்பெல் என்ற சொற்பிழை திருத்தும் நிரலில், விகுதிகளை எழுதும் `.aff` கோப்பில் இப்படி:

```
SET UTF-8
SFX A Y 1
SFX A ம் த்தை ம்
```

வேர்ச்சொற்கள் உள்ள `.dic` கோப்பில் `மரம்/A` என்று போட்டால், கடைசி ‘ம்’ போய் ‘த்தை’ ஒட்டி ‘மரத்தை’ சரியென்று ஏற்கப்படும். குளம், பாடம் எல்லாம் இதே வகை. ‘வீடு’ வேறு வகை, ‘டு’ போய் ‘ட்டை’ வரவேண்டும். ‘ஆறு’ பொருளைப் பொறுத்து இரண்டு விதமாக வரும்: நதி என்றால் ஆற்றை, எண் என்றால் ஆறை.

ஹன்ஸ்பெல் ஒரு சொல்லிலிருந்து பின்னொட்டை இரண்டு அடுக்கு வரைதான் உரிக்கும். தமிழுக்கு அது பத்தாது. ‘த்திலிருந்துதானே’ போன்ற கோவைகளை முன்கூட்டியே ஒட்டி, ஒரே விகுதியாக எழுதவேண்டியிருக்கும். எழுத எழுத `.aff` வீங்கும். பெயர்ச்சொல்லோடு நிறுத்திக்கொண்டால் ஒரு செமஸ்டரில் முடிக்கலாம்.

சேலம் வாசகி: ‘கொடு’ன்னு தேடினா பாதி இடத்துல கிடைக்குது, பாதியில கிடைக்கல. கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியுது.

எல்லாரிடமும் சொல்வதுதான், முதலில் பைத்தானில் இதைச் செய்யுங்கள்:

```python
unicodedata.normalize("NFC", s)
```

‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒரு வகையில் ‘கொடு’ ஐந்து குறி, மற்றதில் நான்கு. மேலே உள்ள வரி இரண்டையும் ஒன்றாக்கும்.

‘கௌரவம்’ என்பதைக் கொம்பு போட்டு, அப்புறம் ள என்ற எழுத்தைத் தட்டி ‘கெளரவம்’ என்று எழுதுபவர்களை அது திருத்தாது. எல்லா ‘ெள’வையும் மாற்றினால் கெளுத்தி மீனும் வெள்ளமும் கெடும். ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதீர்கள். மற்ற இடங்களில் மாற்றி, கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: என்னட்டப் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய மலர்கள் கிடக்கு. உங்கட திருத்தி அதை வாசிக்குமோ?

வாசிக்காது. முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு மேலே சேலத்துக்குச் சொன்னது.

தமிழாசிரியர், ஓய்வு: ஒற்றுப்பிழையை விட்டுவிட்டு எதற்குத் திருத்தி? நன்னூலில் விதி இருக்கிறது, அப்படியே நிரலாக்க வேண்டியதுதானே?

பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ‘அதைக் பார்த்தேன்’ எப்போதுமே தவறு. க் வந்தால் அடுத்த சொல் க-வில் தொடங்கவேண்டும். இதைப் பிடிக்க இலக்கண அறிவே வேண்டாம், இரண்டு எழுத்தை ஒப்பிட்டால் போதும். ‘பேங்க்’, ‘மார்க்’ போன்ற கடன்சொற்களுக்கு மட்டும் விலக்கு.

ஒற்று விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். ‘வேலை கொடுத்தான்’, ‘வேலைக் கொடுத்தான்’ இரண்டும் சரி. முதலாவதில் உத்தியோகம், இரண்டாவதில் முருகன் கையிலிருப்பது. விதி இருப்பது உண்மைதான். அந்த ‘ஐ’ உருபா, சொல்லின் கடைசி எழுத்தா என்பது தெரிந்த பிறகுதான் அது வேலை செய்யும்.

அதே ஆசிரியர்: மாணவன் வாக்கியத்தைப் படித்தே கண்டுபிடிக்கிறானே!

அவன் பொருள் தெரிந்து படிக்கிறான். என் நிரல் சொல்லைச் சொல்லாகத்தான் பார்க்கிறது.

கோவை மாணவர்: அப்போ சந்தேகமான இடத்துல மஞ்சள் கோடு போடலாமா அக்கா?

போடலாம். நான் போட்டுப் பார்த்தேன். பக்கம் மஞ்சள் குளித்த மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். ஐயா வைத்திருக்கச் சொல்வார்.

அதே ஆசிரியர்: சொல்வேன்.

திருச்சி: மனம்/மணம், வலி/வழி மாறினா பிடிக்குமா?

பிடிக்காது. எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள்.

தஞ்சாவூர்: தாத்தாவோட ஓலைச்சுவடி இருக்கு. ஸ்கேன் பண்ணிக் குடுத்தா டைப் ஆயிடுமா?

ஓலையில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். சுவடி படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவேண்டாம்.

ஈரோடு: மேடம், என்கிட்ட மூணு லட்சம் சொல் இருக்கு. போதுமா?

முதல் பதில்.