அமெரிக்க ஓய்வூதியமும் சோஷியல் செக்யூரிட்டியும்: எந்தத் தொகைக்கு எங்கே வரி?

கேள்வி: நான் 24 ஆண்டுகள் அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து, கிரீன் கார்டைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, 2019-இல் காவேரிப்பட்டணத்துக்கே வந்துவிட்டேன். நான் இந்தியக் குடிமகன். சோஷியல் செக்யூரிட்டியாக மாதம் 1,600 டாலரும், பழைய நிறுவனத்தின் ஓய்வூதியமாக 500 டாலரும் வருகின்றன. முதலாவதில் 408 டாலரும் இரண்டாவதில் 150 டாலரும் அங்கேயே வரியாகப் பிடித்துவிடுகிறார்கள். இங்குள்ள ஆடிட்டர் இரண்டையும் என் வங்கி வட்டியோடு கூட்டி, மூன்று லட்சத்தை ஒட்டி வரி வரும் என்கிறார். சென்ற ஆண்டும் இப்படித்தான் கட்டினேன். இது சரிதானா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சரியல்ல. உங்கள் இரண்டு வரவுகளும் ஒரே நாட்டிலிருந்து, ஒரே உழைப்புக்காக வந்தாலும், வரிச் சட்டத்தின் பார்வையில் அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. சோஷியல் செக்யூரிட்டிக்கு அமெரிக்கா மட்டுமே வரி விதிக்கலாம்; நிறுவன ஓய்வூதியத்துக்கு இந்தியா மட்டுமே வரி விதிக்கலாம். உங்கள் விஷயத்தில் முதலாவதை இந்தியாவில் சேர்த்தது ஒரு தவறு. இரண்டாவதில் அமெரிக்காவில் பிடித்தது இன்னொரு தவறு.

இந்தியாவும் அமெரிக்காவும் 1989-இல் கையெழுத்திட்ட இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. அதன் முதல் உட்பிரிவு, அரசுப் பணி சாராத ஓய்வூதியம் அதைப் பெறுபவர் வசிக்கும் நாட்டில் மட்டுமே வரிக்கு உட்படும் என்கிறது. இரண்டாவது உட்பிரிவு அதற்கு விலக்காக, சோஷியல் செக்யூரிட்டி போன்ற பொது ஓய்வூதியங்கள் அவற்றை வழங்கும் நாட்டில் மட்டுமே வரிக்கு உட்படும் என்கிறது. இந்த ‘மட்டுமே’ என்ற சொல்லை ஆடிட்டர்கள் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். உடன்படிக்கையின் வேறு சில பிரிவுகளில் ‘வரி விதிக்கலாம்’ என்று மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட வருமானத்தை இந்தியாவில் வசிப்பவர் இங்கும் காட்டி, அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2008-இல் அறிவிக்கை வெளியிட்டது. உங்கள் ஆடிட்டர் அந்த முறையை இதற்கும் பொருத்தியிருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ‘மட்டுமே’ என்று சொல்லப்பட்ட இடத்தில் அந்த அறிவிக்கைக்கு வேலையில்லை.

மாதம் 408 டாலர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் வசிக்காத, அந்நாட்டுக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு, சோஷியல் செக்யூரிட்டித் தொகையின் 85 சதவீதத்தின் மீது 30 சதவீதம் வரி பிடிக்கப்படுகிறது. அதாவது மொத்தத் தொகையில் 25.5 சதவீதம், 1,600-க்கு அது சரியாக 408. சில நாடுகளோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இந்தப் பிடித்தம் இல்லை. இந்தியாவுக்கு அந்தச் சலுகை, அங்கே மத்திய, மாநில அல்லது உள்ளாட்சி அரசுப் பணி செய்து பெற்ற தொகைக்கு மட்டுமே உண்டு. தனியார் பணியில் இருந்த உங்களுக்கு இந்தப் பிடித்தம் முறையானது, இறுதியானது. படிவம் கொடுத்து இதைக் குறைத்துத் தருவதாக யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் உங்களுக்கு வரும் படிவத்தின் தலைப்பில் SSA-1042S என்று இருந்தால், அமெரிக்கா உங்களை வெளிநாட்டில் வசிப்பவராகவே பதிவு செய்துள்ளது. அதற்குப் பதில் SSA-1099 என்று இருந்தால், உங்களை இன்னும் அமெரிக்கவாசியாகக் கருதுகிறார்கள் என்று பொருள். கிரீன் கார்டை ஒப்படைத்த விவரம் அவர்கள் பதிவில் ஏறவில்லை எனக் கொண்டு எழுதிச் சரிசெய்ய வேண்டும். 25.5 சதவீதம் பிடிக்கப்படுவதால் உங்களுக்கு முதலாவது வகைப் படிவமே வந்துகொண்டிருக்க வேண்டும்.

இனி 2025-26 நிதியாண்டுக்கான உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையில் கணக்கிடும்போது, ஓய்வூதியம் சேர வேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கி அறிவித்த, TT எனப்படும் தந்திப் பரிமாற்றக் கொள்முதல் விகிதத்தை மாதம்தோறும் பயன்படுத்த வேண்டும். உங்கள் வங்கி அன்று எந்த விகிதத்தில் வரவு வைத்தது என்பது இதில் பொருட்டல்ல.

நிறுவன ஓய்வூதியம் ஆண்டுக்கு 6,000 டாலர், அதாவது 5,10,000 ரூபாய். கையில் வந்த 350 டாலரை அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய 500 டாலரையே கணக்கில் எடுக்க வேண்டும். முன்னாள் முதலாளி தரும் ஓய்வூதியம் சம்பளம் என்ற தலைப்பில் வருவதால், புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. மீதி 4,35,000. உங்கள் வங்கி வட்டியை ஆண்டுக்கு 2,80,000 என்று எடுத்துக்கொண்டால், வரிக்குரிய வருமானம் 7,15,000 ரூபாய். முதல் நான்கு லட்சம் போக மீதிக்கு ஐந்து சதவீதம் என்றால் வரி 15,750 ரூபாய். ஆனால் வருமானம் 12 லட்சத்துக்கு உட்பட்டிருப்பதால், பிரிவு 87ஏ தள்ளுபடியில் அதுவும் நீங்கிவிடுகிறது. நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

சோஷியல் செக்யூரிட்டியின் 19,200 டாலரை, அதாவது 16,32,000 ரூபாயை இதோடு கூட்டினால் வருமானம் 23,47,000 ஆகிறது. தள்ளுபடிக்கான தகுதி போய், செஸ் உட்பட 2,98,220 ரூபாய் வரி வருகிறது. ஆடிட்டர் சொன்ன மூன்று லட்சம் இதுதான். அமெரிக்காவில் கட்டிய வரியைக் கழித்தாலும் பிரச்சினை தீராது. ஏனெனில் அந்தக் கழிவு, அந்த வருமானத்தின் மீது இந்தியாவில் விழும் வரியளவுக்கே கிடைக்கும். அது ஏறத்தாழ 2,07,000 ரூபாய். மீதி 90 ஆயிரம் ரூபாய்க்கு மேல், கட்டவே தேவையில்லாத ஒரு தொகை, உங்கள் பையிலிருந்து போகும். உழைத்து ஓய்ந்த வயதில் ஒருவர் இப்படி ஆண்டுதோறும் இழப்பதைக் காணும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வரி இல்லை என்பதற்காகக் காட்டாமல் விடுவது பெரும் பிழை. வெளிநாட்டு வருமானமும் சொத்தும் இருப்பதால் நீங்கள் ITR-2 படிவத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். எளிய ITR-1 உங்களுக்குப் பொருந்தாது. அதில் Schedule EI என்ற விலக்கு வருமானப் பட்டியலில், இரட்டை வரி உடன்படிக்கையின்படி வரிக்கு உட்படாத வருமானத்துக்கெனத் தனி இடம் உண்டு. அங்கே சோஷியல் செக்யூரிட்டியின் முழுத்தொகை, நாடு, உடன்படிக்கையின் பிரிவு 20(2) ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். நம் பக்கத்தில் மாந்தோப்பு வருமானம் உள்ளவர்கள் அதையும் இதே பட்டியலில்தான் காட்டுகிறார்கள். ஆனால் விவசாய வருமானத்துக்கான வரிசை வேறு. இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்துவிட்டால், வரி விகிதத்தைக் கணக்கிடும்போது விவசாய வருமானமாகக் கருதி அதைக் கூட்டிவிடுவார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸும் வரலாம்.

நிறுவன ஓய்வூதியத்தைச் சம்பளத் தலைப்போடு Schedule FSI-இலும் காட்ட வேண்டும். உங்கள் பணம் அமெரிக்க வங்கிக் கணக்கில் சேர்கிறது என்றால், Schedule FA-இல் அந்தக் கணக்கின் விவரமும் கட்டாயம். இது நிதியாண்டுக்கு அல்ல, 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டுக்கு. காட்டத் தவறினால் கருப்புப் பணச் சட்டத்தின்கீழ் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. அசையாச் சொத்து தவிர மற்ற வெளிநாட்டுச் சொத்துகளின் மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் தெரிவிக்க வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. அந்தக் கணக்கில் வட்டி வந்தால், அதற்கும் இங்கே வரி உண்டு.

தொகைகளை எடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். SSA-1042S படிவமும் நாட்காட்டி ஆண்டுக்கானது. நம் கணக்கோ ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. ஜனவரியில் சோஷியல் செக்யூரிட்டித் தொகை உயர்த்தப்படுவதும் வழக்கம். எனவே 2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதங்களை ஒரு படிவத்தின் அடிப்படையிலும், 2026-இன் முதல் மூன்று மாதங்களை வங்கி வரவு விவரத்தை வைத்தும் கூட்டி எழுதி, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது மாதம் 150 டாலர் பிடித்தம். இதை இந்திய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. உடன்படிக்கை அனுமதிக்கும் அளவைவிட அங்கே கூடுதலாகக் கட்டிய வரியை இங்கே கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. உடன்படிக்கையின்படி அங்கே வரி பூஜ்யம் என்பதால் கழிவும் பூஜ்யம். இந்தப் பணத்தை அமெரிக்காவிடமிருந்துதான் திரும்பப் பெற வேண்டும். முதல் வேலையாக, ஓய்வூதியம் அனுப்பும் நிறுவனத்துக்கு அல்லது அதன் நிர்வாகிக்கு W-8BEN படிவத்தை அனுப்புங்கள். அதில் உங்கள் இந்திய முகவரியும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் நீங்கள் வசிக்கும் நாடு இந்தியா என்றும், பிரிவு 20, உட்பிரிவு 1-இன்படி ஓய்வூதியத்துக்கு வரி விகிதம் 0 சதவீதம் என்றும் எழுதுங்கள். அடையாள எண் இல்லாத படிவத்தை ஏற்க மாட்டார்கள். பெரும்பாலும் 30 சதவீதப் பிடித்தம் நிற்காமல் தொடர்வதற்கு இதுவே காரணம். இந்தப் படிவம் பொதுவாகக் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் இறுதிவரை செல்லும்; பிறகு புதிதாகக் கொடுக்க வேண்டும். இச்சலுகை மாதந்தோறும் அல்லது குறித்த இடைவெளியில் வரும் ஓய்வூதியத்துக்கு உரியது. உடன்படிக்கை ஓய்வூதியத்தைக் காலமுறைத் தொகை என்றே வரையறுக்கிறது. எனவே மொத்தமாக எடுக்க நினைத்தால் முன்கூட்டியே கலந்தாலோசியுங்கள்.

ஏற்கெனவே பிடித்த தொகைக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அமெரிக்க வருமான வரித் துறையிடம் 1040-NR அறிக்கை தாக்கல் செய்து கோர வேண்டும். நிறுவனம் தரும் 1042-S படிவத்தை இணையுங்கள். பொதுவாக அறிக்கை தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் அல்லது வரி கட்டியதிலிருந்து இரண்டு ஆண்டுகள், இவற்றில் பிந்தையது வரையே கோரிக்கை ஏற்கப்படும் என்பதால், பழைய ஆண்டிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக்கு 1,800 டாலர் சிறிய தொகையல்ல.

சென்ற ஆண்டு இங்கே கட்டிய வரியைப் பொறுத்தவரை, திருத்திய அறிக்கைக்கான காலக்கெடு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது முடிந்திருந்தால், காலம் கடந்த பின்னர் தாக்கல் செய்யும் ‘அப்டேட்டட்’ அறிக்கை உங்களுக்கு உதவாது. பணம் திரும்பக் கேட்பதற்கு அதில் அனுமதியில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு வருமான வரி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை இந்த வழி திறந்திருக்கிறது. மனுவில் உடன்படிக்கையின் பிரிவு 20(2), SSA-1042S படிவம், பழைய கணக்கீடு, சரியான கணக்கீடு ஆகிய நான்கையும் இணைத்தால் அதிகாரி விளக்கம் கேட்டுத் திருப்பியனுப்புவது குறையும்.

பிரிட்டன், ஜெர்மனி, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலிருந்து ஓய்வூதியம் பெறுபவர்கள் இந்தப் பதிலை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாட்டு உடன்படிக்கையும் தனித்தனி வாசகத்தில் அமைந்திருப்பதால், அதன் ஓய்வூதியப் பிரிவைப் படித்த பிறகே ஆடிட்டரிடம் பேச வேண்டும்.