போனவர் திரும்பி வந்தால், இருப்பவருக்கு என்ன சம்பளம்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். மொத்தம் 22 பேர். ஏழு வருடம் நெல் உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொண்டவர், மூன்று வருடத்துக்கு முன் முறையாகச் சொல்லி, ஆள் பழக்கிவிட்டுக் காங்கேயம் போனார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இப்போது ஊருக்கே வருகிறார். ஐப்பசியில் வேலைக்கு வருகிறேன், 24,000 ரூபாய் வேண்டும் என்கிறார். அவரிடம் பழகியவர்தான் இப்போது 19,000 ரூபாய்க்கு டிரையர் பார்க்கிறார். பழையவரை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் அவருடைய விலை 24,000 இல்லை.

உங்கள் ஆலையில் சம்பளம் ரகசியமாக இருக்காது. வாசலில் இருக்கும் டீக்கடையில் முதல் வாரமே தெரிந்துவிடும். மூன்று வருடம் மழையிலும் இரவு ஷிப்டிலும் கூட இருந்தவருக்கு 19,000, வெளியே போய்விட்டு வந்தவருக்கு 24,000 என்றால், மற்றவர்களும் ஒரு கணக்குப் போடுவார்கள்: சம்பளம் ஏறவேண்டுமானால் ஒருமுறை காங்கேயம் போய்வர வேண்டும். பழையவர் நல்லவர் என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் முதலில், வெளியிலிருந்து புதிதாக ஒரு டிரையர்காரர் வந்தால் என்ன கேட்பார் என்று பக்கத்து ஆலைகளில் விசாரியுங்கள். அதுவும் 23,000, 24,000 என்றால், பழையவர் அதிகம் கேட்கவில்லை. இருப்பவருக்கு நீங்கள்தான் குறைவாகக் கொடுக்கிறீர்கள். அவரை 22,000க்கு உயர்த்துங்கள். அப்போது பழையவரை எடுப்பதால் மாதம் கூடும் செலவு 27,000. இந்தத் தொகை கட்டுப்படியானால் எடுங்கள். ஆகாது என்றால் விட்டுவிடுங்கள். 24,000 மட்டும் செலவழித்து எடுத்தால், ஒருவர் வருவார், இன்னொருவர் போவார்.

பழையவரால் என்ன லாபம்? புழுங்கல் நெல்லை ஒரே மூச்சில் கடைசிவரை உலர்த்தினால் அரைவையில் நொய் விழும். பதினாறு, பதினெட்டு சதவீத ஈரத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, அப்புறம் பதினான்குக்குக் கொண்டுவர வேண்டும். மழையில் நனைந்து வந்த குறுவை நெல்லுக்கும் தை மாதத்துச் சம்பா நெல்லுக்கும் ஒரே கணக்கு ஓடாது. உங்கள் டிரையரில் எந்த மூலை சூடு கூட அடிக்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும். புது ஆள் இதைப் பிடிக்க ஒரு பருவமாவது ஆகும், அதுவரை நொய் உங்கள் கணக்கில். ஒன்று பாருங்கள்: இந்த மூன்று வருடத்தில் டிரையரையோ பர்னரையோ மாற்றியிருந்தால் இந்த லாபத்தில் பாதி போயிற்று. அப்போது அவரும் ஏறக்குறையப் புது ஆள்தான்.

அவருக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன் இப்போதிருப்பவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். “அண்ணன் வரட்டுமா?” என்று கேட்டால் “வரட்டுங்க முதலாளி” என்றுதான் சொல்வார், தன் குருவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? அதனால் அப்படிக் கேட்காதீர்கள். “டிரையருக்கு நீதான் பொறுப்பு, அது மாறாது. அண்ணனுக்கு எந்த வேலை கொடுத்தால் உனக்குச் சுமை குறையும்?” என்று கேளுங்கள். ஊறல், அவியல் பக்கத்தையோ இரவு ஷிப்டையோ அவர் காட்டினால் அங்கே போடுங்கள். பழைய நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பழையவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வேலையும் இருக்கிறது. போகும்போது அவருக்குக் கிராஜுவிட்டி கொடுத்து முடித்திருப்பீர்கள். இடையில் மூன்று வருடம் விட்டுப்போனதால் இந்தமுறை சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பழைய ஏழு வருடமும் சேரும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம், அதனால் நியமனக் கடிதத்தில் புதுச் சேர்க்கைத் தேதியைத் தெளிவாகப் போடுங்கள். பி.எஃப்.புக்குப் புது எண் வேண்டாம். அவருடைய பழைய யு.ஏ.என். எண்ணிலேயே சேருங்கள். காங்கேயத்துக் கணக்கை அவர் எடுக்காமல் வைத்திருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஐப்பசி வேண்டாம். ஈர நெல் வந்து குவியும் நேரத்தில் பழையவர் உள்ளே வந்தால் எல்லோரும் தானாக அவரிடமே போய் நிற்பார்கள். இருப்பவர் ஒரே வாரத்தில் எடுபிடி ஆகிவிடுவார். கார்த்திகையில் சேரச் சொல்லுங்கள். சம்பா அறுப்புக்கு முன் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

சேர்ந்த பிறகு ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிரையரில் ஏதாவது கோளாறு என்றால் ஆட்கள் யாரிடம் போகிறார்கள்? பழையவரிடம் நேராகப் போனால், அவர் “தம்பியைக் கேளுங்க” என்று திருப்பி அனுப்புகிறாரா, தானே பதில் சொல்கிறாரா? தானே சொல்கிறார் என்றால் அன்றைக்கே இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள், மாதக் கடைசிவரை பொறுக்காதீர்கள்.