மகள் "பசிக்கல" என்கிறாள், எடை குறைகிறது: உணவுக் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, சிங்கப்பூரில் உயர்நிலை 2 படிக்கிறாள். உயரம் 156 செ.மீ. ஜனவரியில் 49 கிலோ இருந்தவள் இப்போது ஜூனில் 42 கிலோ. கேட்டால் பசிக்கல என்கிறாள், தட்டைப் பார்த்தாலே பயப்படுகிறாள். பிஎம்ஐ சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். பிஎம்ஐ 17.3 வருகிறது, இந்த வயதுக்கு அது இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் அவளுக்கு அது 20.1. ஐந்தே மாதத்தில் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு போயிருக்கிறது. 14 வயதில் எடை ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலே ஏன் என்று கேட்க வேண்டிய வயது அது. பிறந்தபோது கொடுத்த உடல்நலக் கையேட்டை எடுத்து, தொடக்கப்பள்ளியிலிருந்து கிடைக்கும் எடைகளை எல்லாம் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். பல வருடமாக ஒரே கோட்டை ஒட்டி வந்தவள் சட்டென்று அதிலிருந்து இறங்கியிருப்பாள். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடும் பிஎம்ஐ அந்த இறக்கத்தைக் காட்டாது. முதலில் சற்று பருமனாக இருந்த பிள்ளைகள் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதனால்தான். எடை குறையும்போது பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள், உள்ளே உடல் பட்டினியில் இருக்கும்.

அடுத்து அந்தப் பயம். "ஏன் சாப்பிட மாட்டேங்கிற" என்று கேட்டால் "பசிக்கல" என்பதைத் தவிர வேறு பதில் வராது. சாப்பாட்டு மேசையில் இல்லாமல், நடந்துகொண்டோ காரில் போய்க்கொண்டோ இருக்கும்போது, "சாப்பிட்டா என்ன ஆயிடும்னு பயமா இருக்கு?" என்று கேளுங்கள். தொண்டையில் சிக்கிவிடும், வாந்தி வரும், வயிறு வலிக்கும் என்று சொன்னால், அதுவும் ஒரு முறை உண்மையிலேயே புரையேறிய பிறகோ கடுமையான வாந்திக்குப் பிறகோ தொடங்கியிருந்தால், அது ஆர்ஃபிட் எனப்படும் உணவுத் தவிர்ப்புக் கோளாறாக இருக்கலாம். அதில் குண்டாகிவிடுவோம் என்ற கவலை இருக்காது. மெலிந்துவிட்டோமே என்று அவளே வருத்தப்படக்கூடும். எடை கூடிவிடும் என்பதுதான் பயம் என்றால் அது அனோரெக்சியா என்ற உணவுக் கோளாறின் பக்கம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு, ஆனால் இரண்டிலும் உடல் ஒரே மாதிரிதான் கெடும்.

இரண்டாவது வகைப் பயத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நடத்தையில்தான் தெரியும். முதலில் சோறு குறையும், பிறகு எண்ணெய், பிறகு "இனிமே நான் சைவம்". நம் வீடுகளில் இதற்கு ஒரு மறைவிடமும் உண்டு: விரதம். புரட்டாசிக்கும் தைப்பூசத்துக்கும் விரதம் இருப்பது நமக்கு இயல்பு, அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. விரதம் முடிந்த பிறகும் அவள் மட்டும் தொடர்கிறாளா, விரதத்தில் மற்றவர்கள் சாப்பிடும் பாலும் பழமும்கூட அவளுக்கு வேண்டாமா என்று கவனியுங்கள். "ஸ்கூல்லயே சாப்பிட்டேன்" என்பாள், ஆனால் இடைவேளைக்குக் கொடுத்த காசு செலவாகியிருக்காது. சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியது. வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், அது இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும்.

"பசிக்கல" என்பது பொய்யா என்று நிறையப் பெற்றோர் கேட்கிறார்கள். தொடக்கத்தில் பசி இருக்கும், அதை அடக்கிக்கொண்டிருப்பாள். சில வாரம் குறைவாகச் சாப்பிட்டதும் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். நாலு வாயிலேயே வயிறு நிறைந்து உப்பிவிடும், மலச்சிக்கலும் வரும். அப்போது அவள் சொல்வது உண்மைதான், ஆனால் அது சாப்பிடாததன் விளைவு. பசிக்கு டானிக் வாங்கிக் கொடுப்பது இங்கே பயன்படாது. ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் இரைப்பை பழைய நிலைக்கு வரும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களைச் சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை எதுவும் இல்லாத அவர்களே சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், உணவைத் துளித்துளியாக மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிச்சலும் சோர்வுமாக ஆனார்கள். உங்கள் மகள் சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டும், தம்பிக்குக் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் தொடாமலும் இருந்தால், அது பிடிவாதம் இல்லை. பட்டினி மூளையை அப்படி மாற்றுகிறது.

இன்று இரவே வீட்டில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். தாத்தா பாட்டிக்காக வாங்கிய பிரஷர் மெஷின் இருந்தால் அதுவே போதும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் எடுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். விழித்திருக்கும்போது நாடி 50க்குக் கீழே, அல்லது மேல் அழுத்தம் 90க்குக் கீழே, அல்லது நின்றதும் மேல் அழுத்தம் 20க்கு மேல் இறங்குகிறது என்றால் அன்றே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயக்கம், நெஞ்சு வலி, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு, இவற்றுக்கும் அதேதான். "ஓட்டப்பந்தயம் ஓடுறவ, நாடி குறைவாத்தான் இருக்கும்" என்ற விளக்கத்தை எடை குறைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஏற்காதீர்கள். நம் ஊர் வெயிலிலும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருப்பது, முடி கொட்டுவது, மாதவிடாய் மூன்று மாதமாக வராதது ஆகியவை உடல் செலவைக் குறைக்கத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம். ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். 2013 முதல் அனோரெக்சியா என்று முடிவு செய்ய அது நிற்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை.

இந்த எண்கள் சரியாக இருந்தாலும் இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். "சரியா சாப்பிட மாட்டேங்கிறா" என்று சொன்னால் அறிவுரைதான் கிடைக்கும். "ஐந்து மாதத்தில் 49இலிருந்து 42, சாப்பிடப் பயப்படுகிறாள், நாடி இவ்வளவு" என்று எழுதியே கொடுங்கள். நீரிழிவு, தைராய்டு, குடல் அழற்சி, காசநோய், மனச்சோர்வு இவையும் எடையைக் குறைக்கும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், நீடித்த வயிற்றுப்போக்கு, இரவில் காய்ச்சல் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையோடு பொட்டாசியம், பாஸ்பேட், ஈசிஜி கேளுங்கள். எல்லாம் இயல்பாக வந்தாலும் உணவுக் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. இரத்தம் கடைசிவரை சரியாகக் காட்டும் பிள்ளைகள் உண்டு. கேகே மருத்துவமனையின் வளரிளம் பருவ மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வாருங்கள்.

அங்கே மருத்துவரைப் பார்க்கும் தேதி வரும்வரை மூன்று வேளையும் இரண்டு சிற்றுண்டியும் நேரத்துக்கு இருக்கட்டும். எவ்வளவு என்று முடிவு செய்வது நீங்கள், அவள் அல்ல. இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் வைத்தால் அவ்வளவையும் முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். கலோரியைப் பேசாதீர்கள், "இப்பத்தான் அழகா இருக்க" என்று சொல்லும் உறவினரை முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் அவளோடு ஏதாவது பாருங்கள், பேசுங்கள். பயம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமல் இருந்திருந்தால் வீட்டில் திடீரென்று நிறையக் கொடுக்கக் கூடாது. பட்டினி கிடந்த உடலில் உணவு சேரும்போது பாஸ்பேட் சட்டென்று விழும், அது இதயத்தைப் பாதிக்கும். அந்த நிலையில் முதல் உணவை மருத்துவமனையில், இரத்தத்தைக் கண்காணித்துக்கொண்டே தொடங்க வேண்டும்.