அழித்த படம் எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் 10 வயது மகள், தோழியின் படம் ஒன்றை என் போனிலிருந்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். தோழி வருத்தப்பட்டதும் அழித்துவிட்டாள். மறுநாள் அதே படம் வேறொரு குழுவில் வந்தது. "நான்தான் டெலிட் பண்ணிட்டேனே, அப்புறம் எப்படி இருக்கும்?" என்கிறாள். பயமுறுத்தாமல் எப்படிப் புரியவைப்பது?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

இணையத்தில் போட்ட படத்தை வில்லிலிருந்து விட்ட அம்பு என்பார்கள். எனக்கு அந்த உவமை சரியாகப் படவில்லை. அம்பு ஒன்றுதான், இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்கிறது. படம் அப்படிக் கிளம்பிப் போவதில்லை. உங்கள் போனில் இருப்பது அங்கேயே இருக்க, பெறுகிறவர் ஒவ்வொருவரின் போனிலும் புதிதாக ஒரு பிரதி உண்டாகிறது. குழுவில் உங்களைத் தவிர 30 பேர் என்றால் 30 பிரதிகள் வரை உண்டாகலாம். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் குழந்தைக்குத் தானாகவே புரியும்.

சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. வீட்டில் மூன்று போன்கள் கிடைத்தால் போதும். மூன்றையும் சேர்த்து ஒரு குழு தொடங்கி, முதல் போனில் ஒரு பென்சிலைப் படமெடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். இரண்டாவது போனில் அதைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூன்றாவது போனிலிருந்து வேறொருவருக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். பிறகு முதல் போனில் Delete for everyone கொடுத்து அழிக்கட்டும். இப்போது, "பென்சில் எங்கெல்லாம் இருக்கிறது, தேடு" என்று அவளிடமே விடுங்கள்.

குழுவில் படம் மறைந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் இரண்டாவது போனின் கேலரியில் இருக்கும், ஃபார்வர்ட் செய்த படமும் அப்படியே இருக்கும். காரணத்தையும் சொல்லிவிடுங்கள்: அழிக்கும் பட்டன் அந்த ஒரு செய்தியை நீக்கும்படி மட்டுமே சொல்கிறது. ஸ்கிரீன்ஷாட் தனிக் கோப்பு; அப்படி ஒன்று இருப்பதே வாட்ஸ்அப்புக்குத் தெரியாது. ஃபார்வர்ட் ஆனது வேறொருவர் அனுப்பிய புதுச் செய்தி. அதை அழிக்க வேண்டியவர் அவர்தான். உங்கள் மகள் விஷயத்தில் நடந்ததும் இப்படி ஒன்றாக இருக்கலாம்.

தேடலில் பெரும்பாலும் விட்டுப்போவது முதல் போன். கேமராவில் எடுத்த மூலப்படம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கூகுள் போட்டோஸில் அழித்தாலும் அதன் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள்.

அவசரத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. Delete for me என்பதை அழுத்தினால் உங்கள் திரையிலிருந்து மட்டும் படம் மறையும், மற்ற எல்லோரிடமும் இருக்கும். குழந்தையோ அழிந்துவிட்டதாக நம்பிவிடும். உடனே கவனித்தால் சில நொடிகளுக்குத் தெரியும் Undo-வை அழுத்தி மீட்டு, சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாக அவகாசம் உண்டு. ஆனால் யாராவது ஒருவரின் போனில் அழியாமல் போனால் அது நமக்குத் தெரியவராது. ஐபோனில் கேலரிக்குள் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட படம் அங்கேயே தங்கிவிடலாம்.

இதையெல்லாம் காட்டிவிட்டு "அழித்துப் பயனே இல்லை" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். அப்படி நம்பும் குழந்தை அடுத்த முறை அழிக்கவும் செய்யாது, உங்களிடம் சொல்லவும் செய்யாது. இரண்டாவது நிமிடத்தில் அழித்தால் பார்க்காதவர்கள் பலர் இருப்பார்கள்; இரவு முழுக்க விட்டால் அந்த எண்ணிக்கை சுருங்கும். அழித்த கையோடு குழுவில், "அந்தப் படத்தை யாராவது சேமித்திருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்" என்று எழுதுவதும் பலன் தரும். மறுநாள் படம் வந்த குழுவில், அதைப் போட்டவரிடமே நேராகக் கேளுங்கள். அந்த அவகாசம் முடியாதிருந்தால் அவரால் எல்லோருக்குமாக அழிக்க முடியும்.

இனி அனுப்புவதற்கு முன். "யோசித்துப் போடு" என்றால் பத்து வயதுக்கு என்ன யோசிப்பதென்று தெரியாது. படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பார்க்கப் பழக்குங்கள். பள்ளிச் சீருடை, அடையாள அட்டை, வீட்டு எண் எல்லாம் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கும். வேறொருவர் முகம் இருந்தால் அவரிடம் படத்தைக் காட்டி, "போடட்டுமா?" என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் போடக் கூடாது. ஒருமுறை மட்டும் பார்க்கும் View once வசதியை நம்பியும் போட வேண்டாம். அது ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும். பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துத் திரையைப் படமெடுப்பதைத் தடுக்காது.

பின்னாளில் உதவக்கூடும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் பரவினால் Take It Down என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அது வாங்கிக்கொள்வதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கான ஓர் எண்கோவையை உருவாக்கி, அதை மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குக் கொடுக்கிறது. அவை அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்குகின்றன. வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் அது எட்டாது. எண்கோவை உருவாகப் படம் போனில் இருக்க வேண்டும் என்பதால், பதற்றத்தில் அதை முதலில் அழித்துவிட வேண்டாம்.